பத்து தையல் மெஷினுக்கு மூன்று தாள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் புதிதாக ஒரு லைன் போட முடிவு செய்தார்கள். லைன் என்றால் தையல் மெஷின்களின் வரிசை. அதற்குப் பத்து சிங்கிள் நீடில் மெஷின்கள் வேண்டும். அக்டோபர் 1-ஆம் தேதி ஆயுத பூசை. அதற்குள் மெஷின்கள் வந்து சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு டீலரிடம் பேசி, ஒரு மெஷின் 24,000 ரூபாய் என்று முடிந்தது.

இந்த ஒரே வியாபாரத்துக்கு டீலரிடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தாள்கள் வந்தன. முதலில் கொட்டேஷன், அடுத்து புரோஃபார்மா இன்வாய்ஸ், கடைசியில் டாக்ஸ் இன்வாய்ஸ். மூன்றிலும் அதே லெட்டர்ஹெட், அதே பத்து மெஷின், அதே 2,40,000 ரூபாய். பார்ப்பவருக்கு மூன்றும் பில்தான். கம்பெனியில் ஸ்டோர் பார்க்கும் தம்பி மூன்றையும் ஒரே கிளிப்பில் போட்டு “பில்லு” என்றுதான் என் மேஜையில் வைத்தான். ஆனால் அந்தச் செப்டம்பரில் மூன்று தாள்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 16,800 ரூபாயாக எங்கள் முன்னால் வந்து நின்றது.

கொட்டேஷன் ஆகஸ்ட் 25 அன்று வந்தது. அரசு அலுவலகங்களில் இதை விலைப்புள்ளி என்பார்கள். இன்ன பொருளை, இன்ன விலைக்கு, இன்ன நிபந்தனையில் தரத் தயார் என்று விற்பவர் சொல்லும் தாள் அது. அதைப் பெற்றுக்கொண்டதால் வாங்குபவருக்கு எந்தக் கடமையும் வந்துவிடாது. அதே நேரம், “30 நாள் வரை செல்லும்” என்று போட்டிருப்பதால் டீலர் 30 நாளும் கட்டுப்பட்டிருக்கிறார் என்று நினைப்பதும் சரியில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நாம் ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பும் வரை அவர் சொன்னதைத் திரும்பப் பெறலாம். அவரைக் கட்டிப்போடுவது நாம் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டர்தான்.

கொட்டேஷனில் எல்லாரும் விலையைத்தான் பார்க்கிறார்கள். நான் இரண்டு இடங்களைப் பார்ப்பேன். ஒன்று, அந்த விலைக்கு என்னென்ன சேர்த்தி என்பது. தையல் மெஷின் வியாபாரத்தில் “ஹெட்” விலை வேறு, “செட்” விலை வேறு. ஹெட் என்றால் மெஷினின் மேல் பாகம் மட்டும். செட் என்றால் டேபிள், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து. இரண்டு டீலர்களின் கொட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் மூவாயிரம் குறைவாகச் சொல்கிறார் என்று மகிழ்ந்து ஆர்டர் கொடுத்தவர்கள், டேபிள் இல்லாத பத்து ஹெட்டுகள் வந்து இறங்கியதும் திகைத்து நின்றிருக்கிறார்கள். எங்கள் கொட்டேஷனில் “செட்” என்றே இருந்தது. ஆர்டரிலும் அந்தச் சொல்லை அப்படியே எழுத வைத்தேன். கொட்டேஷனில் ஒன்றும் ஆர்டரில் வேறொன்றும் இருந்தால் அது ஏற்பு ஆகாது. புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கியதாகிவிடும்.

இரண்டாவது இடம் வரி. எங்கள் கொட்டேஷனில் “ஜி.எஸ்.டி. தனி, டெலிவரி அன்று உள்ள விகிதப்படி” என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியின் மதிப்பு அப்போது யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்டில் தையல் மெஷினுக்கு வரி 12 சதவீதம்.

செப்டம்பர் 1 அன்று ஆர்டர் போயிற்று. மறுநாளே புரோஃபார்மா வந்தது. இதைப் பேச்சுவழக்கில் பி.ஐ. என்பார்கள். புரோ ஃபார்மா என்பது லத்தீன். முறைக்காக என்ற அளவில் பொருள்படும். வரப்போகும் பில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டுவதுதான் இது. கொட்டேஷன் பேரத்துக்கு உரிய தாள் என்றால், புரோஃபார்மா பேரம் முடிந்தபின் பணம் கேட்கும் தாள். அதனால் கொட்டேஷனில் இல்லாத சில விஷயங்கள் இதில் இருக்கும். ஆர்டரின் நம்பரும் தேதியும், டீலரின் வங்கிக் கணக்கு எண், எவ்வளவு அட்வான்ஸ் என்ற தொகை. எங்களுக்கு வந்ததில் இப்படி இருந்தது: பத்து செட் 2,40,000 ரூபாய், 12 சதவீத வரி 28,800, ஆக மொத்தம் 2,68,800. அதில் பாதி, அதாவது 1,34,400 ரூபாய் அட்வான்ஸ். நம்பர் PI/25-26/0057. அடியில் கொட்டை எழுத்தில், இது டாக்ஸ் இன்வாய்ஸ் அல்ல என்று ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பையும், நம்பர் தனி வரிசையில் இருந்ததையும் பார்த்ததும் டீலரின் கணக்காளர் வேலை தெரிந்தவர் என்று எனக்குப் புரிந்தது. ஜி.எஸ்.டி. சட்டத்தில் டாக்ஸ் இன்வாய்ஸின் நம்பர் ஒரு நிதியாண்டுக்குள் விடுபடாமல், திரும்ப வராமல் வரிசையாகப் போக வேண்டும். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. புரோஃபார்மாவுக்கும் அதே வரிசையிலிருந்து நம்பர் எடுத்தால், மாதக் கடைசியில் வரிசையில் ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு விளக்கம் கேட்டுத் தாள் வரும். புரோஃபார்மா என்ற பெயரே ஜி.எஸ்.டி. சட்டத்தில் கிடையாது. அது விற்பனைக் கணக்கில் ஏறாது, டீலரின் மாத ரிட்டர்னில் போகாது, அதை வைத்துக்கொண்டு வாங்குபவர் வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. டேலியில் எழுதுபவர்கள் இதை ஆப்ஷனல் வவுச்சராக வைத்துக்கொள்வது அதனால்தான். தாள் அச்சாகும், கணக்கு அசையாது.

அப்படியானால் புரோஃபார்மா எதற்கு? பணம் போடுபவருக்கு ஒரு காகிதம் வேண்டும், அதற்காக. கம்பெனியில் அட்வான்ஸ் பாஸ் செய்யும் மேனேஜர் வெறும் கொட்டேஷனைப் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டார். மெஷினுக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் இதைத்தான் கேட்கும்; அதில் உள்ள கணக்குக்கே நேராகப் பணம் அனுப்பும். வெளிநாட்டு வியாபாரத்தில் லெட்டர் ஆஃப் கிரெடிட் திறப்பதற்கும் புரோஃபார்மாதான் ஆதாரம்.

செப்டம்பர் 3 மதியம் 1,34,400 ரூபாயை அனுப்பினோம். அட்வான்ஸ் வாங்கியதற்கு டீலர் ரசீது வவுச்சர் ஒன்று கொடுத்தார். சட்டம் கேட்பது இந்தத் தாளைத்தான். அட்வான்ஸ் வந்துவிட்டதே என்று டாக்ஸ் இன்வாய்ஸ் போட வேண்டிய தேவை இல்லை. பொருள் விற்பவர் அட்வான்ஸுக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பரிலேயே அரசு அறிவித்துவிட்டது.

அன்று இரவுதான் டெல்லியில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-வது கூட்டம் முடிந்து அறிவிப்பு வந்தது. 12 சதவீதம், 28 சதவீதம் என்ற படிகள் எடுபடுகின்றன. தையல் மெஷின் 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. செப்டம்பர் 22 முதல் அமல்.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஏனுங்க, பி.ஐ.-ல பன்னெண்டுன்னு போட்டிருக்கு. நாமளும் நேத்துத்தான் அட்வான்ஸ் கட்டினோம். இப்ப அஞ்சுங்கறாங்க. அவசரப்பட்டுட்டமுங்களா?”

அவசரப்படவில்லை என்று சொன்னேன். ஏனென்றால் எங்கள் கையில் இருந்தது புரோஃபார்மா. வரி விகிதம் மாறும்போது மூன்று தேதிகளைப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்: பொருள் கொடுத்த தேதி, டாக்ஸ் இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி. எங்களுக்கு மெஷின் வருவது 22-க்குப் பிறகு. இன்வாய்ஸும் அன்றுதான். பணம் மட்டும் முன்னால் போய்விட்டது. மூன்றில் இரண்டு மாற்றத்துக்குப் பின்னால் வருவதால் புதிய விகிதமே செல்லும். புரோஃபார்மாவின் தேதி இந்தக் கணக்கில் எங்கேயும் வராது, அதில் 12 என்று அச்சாகியிருந்தாலும்.

இதே இடத்தில் டீலர், “எப்படியும் பில் போடத்தானே போகிறோம்” என்று செப்டம்பர் 2-ஆம் தேதியே டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டு, நாங்களும் முழுப் பணத்தையும் அன்றே கட்டியிருந்தால் கதை வேறு. இரண்டு தேதிகள் மாற்றத்துக்கு முன்னால் விழுந்திருக்கும். மெஷின் எப்போது வந்தாலும் 12 சதவீதம்தான்.

“இருந்தா என்னங்க, இன்புட் எடுத்துக்கலாமே” என்று பக்கத்தில் இருந்த மேனேஜர் கேட்டார். கட்டிய வரியை நம் விற்பனை வரியில் கழித்துக்கொள்வதைத்தான் இன்புட் என்கிறோம். உள்ளூரில் விற்கும் கம்பெனிக்கு அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் இந்தக் கம்பெனி வரி கட்டாமல், உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் ஏற்றுமதி செய்கிறது. கழிப்பதற்கு விற்பனை வரி அங்கே கொஞ்சம்தான். நூலுக்கும் துணிக்கும் கட்டிய வரியை அரசு ரீஃபண்டாகத் திருப்பித் தரும். ஆனால் அந்த ரீஃபண்டைக் கணக்கிடும் சூத்திரத்தில் மெஷின் போன்ற மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரி சேராது. அது லெட்ஜரில் எண்ணாகத் தெரிந்துகொண்டிருக்கும், பணமாகக் கைக்கு வராது. 28,800 அப்படி முடங்குவதற்கும் 12,000 முடங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் நான் முதலில் சொன்ன 16,800.

இங்கேதான் கொட்டேஷனில் இருந்த அந்த ஒரு வரி எங்களைக் காப்பாற்றியது. “ஜி.எஸ்.டி. தனி” என்று இருந்ததால் வரி குறைந்த பலன் நேராக எங்களுக்கு வந்தது. கொட்டேஷனில் “வரி உட்பட ஒரு செட் 26,880” என்று இருந்திருந்தால், டீலர் அதே மொத்தத்தை வைத்துக்கொண்டு வரியை மட்டும் 5 சதவீதமாகப் பிரித்துக் காட்டியிருக்கலாம். 2,68,800-ஐ அப்படிப் பிரித்தால் மெஷின் விலை 2,56,000, வரி 12,800. நாங்கள் கொடுக்கும் மொத்தம் மாறாது. 16,000 ரூபாய் அவர் விலையில் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு அதைப் பேசி வாங்குவது எங்கள் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. அதனால்தான் தொழிலுக்காக வாங்குபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, கொட்டேஷனில் விலையும் வரியும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள் என்று.

செப்டம்பர் 24, புதன்கிழமை. மெஷின்கள் கோயம்புத்தூர் குடோனிலிருந்து கிளம்பிய அன்றுதான் டாக்ஸ் இன்வாய்ஸ் பிறந்தது. பொருளை அனுப்பும் வியாபாரத்தில் அது பிறக்க வேண்டிய நேரம் அதுதான்: சரக்கு நகரும்போது, அல்லது அதற்கு முன். நகர்ந்த பிறகு போடலாம் என்பதற்கு இடமில்லை. நம்பர் CBE/25-26/0412. மெஷின் விலை 2,40,000. இரண்டு ஊரும் தமிழ்நாட்டில் இருப்பதால் மத்திய வரி 6,000, மாநில வரி 6,000. மொத்தம் 2,52,000. அட்வான்ஸ் போக நாங்கள் கொடுக்க வேண்டியது 1,17,600. இரண்டு பக்கத்து ஜி.எஸ்.டி. நம்பர், தையல் மெஷினுக்கான 8452 என்று தொடங்கும் எச்.எஸ்.என். எண், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. டீலரின் வருட விற்பனை 5 கோடியைத் தாண்டியது என்பதால், இன்வாய்ஸ் அரசு தளத்தில் பதிவாகி க்யூ.ஆர். கோடுடன் வந்தது. அப்படிப்பட்ட டீலரிடமிருந்து க்யூ.ஆர். இல்லாத தாள் வந்தால், மேலே டாக்ஸ் இன்வாய்ஸ் என்று எழுதியிருந்தாலும் சட்டம் அதை இன்வாய்ஸாக எடுத்துக்கொள்ளாது.

அச்சானது மூன்று பிரதி. ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று விற்பவருக்கு. வண்டிக்காரர் கையில் அந்தப் பிரதியோடு ஈ-வே பில்லும் இருந்தது. தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் அது கட்டாயம். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாயிலேயே வேண்டும்.

புரோஃபார்மாவை வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. “பில் சாயங்காலம் அனுப்பறோம், இப்போதைக்கு இத வெச்சுக்கோங்க” என்பார்கள். வழியில் வண்டியை நிறுத்தும் அதிகாரிக்கு அது வெறும் காகிதம். பில் இல்லாத சரக்கு என்று வண்டியைப் பிடித்துவைக்கலாம். உரியவர் முன்வந்து மீட்க வேண்டுமானால் வரியின் இரண்டு மடங்கு அபராதம். எங்கள் பத்து மெஷினுக்கு வரி 12,000 என்றால் அபராதம் 24,000. ஒரு மெஷினின் விலை.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. அது இன்னும் அதிகமாக நடப்பதை என் மேஜையிலேயே பார்க்கிறேன். வங்கி அவசரமாகக் கேட்கிறது, அல்லது வாங்கும் கம்பெனி “பில் இருந்தாத்தான் பணம்” என்கிறது. விற்பவர் யோசிக்காமல் டாக்ஸ் இன்வாய்ஸையே போட்டுக் கொடுத்துவிடுகிறார். மெஷின் இன்னும் குடோனில்கூட இல்லை. ஆனால் அந்த இன்வாய்ஸ் அந்த மாதக் கணக்கில் விற்பனையாக ஏறிவிடும். அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கைக்காசிலிருந்து வரி கட்ட வேண்டும். கடன் கிடைக்காமல் ஆர்டர் ரத்தானால் அந்த இன்வாய்ஸைக் கிழித்துப் போட முடியாது. கிரெடிட் நோட் போட்டுத்தான் திருப்ப வேண்டும். சரக்கே போகாமல் இன்வாய்ஸ் போட்டதாக அதிகாரி எடுத்துக்கொண்டால் அது தனிக் குற்றம். 10,000 ரூபாய் அல்லது அந்த வரித்தொகை, இதில் எது அதிகமோ அது அபராதம். புரோஃபார்மா ஒன்று கொடுத்திருந்தால் ஆர்டர் ரத்தான அன்று அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

வாங்குபவர் பக்கமும் இதில் ஏமாறுகிறார்கள். முன்கூட்டிப் போட்ட அந்த இன்வாய்ஸ், மாதம் 14-ஆம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி என்ற பட்டியலில் வந்துவிடும். வந்துவிட்டதே என்று கணக்காளர் இன்புட் எடுத்துவிடுவார். இன்வாய்ஸ் கையில் இருப்பதும் பட்டியலில் வருவதும் பாதி நிபந்தனைதான்; பொருளும் வந்து இறங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் 180 நாளுக்குள் விற்பவருக்குப் பணம் கொடுத்து முடிக்காவிட்டால் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டிவரும். புரோஃபார்மாவை வைத்து இன்புட் எடுத்தவரைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். அது 2பி பட்டியலில் ஒருபோதும் வராது. ஒரு பதிவு பட்டியலில் இல்லை என்றால் நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்தத் தாளின் தலைப்பைத்தான்.

எங்கள் மெஷின்கள் 24-ஆம் தேதி சாயங்காலமே வந்து இறங்கின. பத்தும் செட்தான் என்று ஸ்டோர் தம்பி எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். டீலர் அக்டோபர் 11-க்குள் ரிட்டர்ன் போட்டார். 14-ஆம் தேதி 2பி-யில் 6,000-மும் 6,000-மும் வந்தன. நான் அந்த இன்வாய்ஸை மட்டும் பர்ச்சேஸ் ஃபைலில் வைத்தேன். புரோஃபார்மாவை ரசீது வவுச்சரோடு சேர்த்து அட்வான்ஸ் ஃபைலிலும், கொட்டேஷனை ஆர்டரோடு சேர்த்து வேறொரு ஃபைலிலும் போட்டேன்.

நவம்பரில் அதே டீலர் மெஷின்களுக்கு வருட சர்வீஸ் ஒப்பந்தம் பேச வந்தார். இங்கே கணக்கு கொஞ்சம் மாறும். சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு உடனே வரி உண்டு. பொருளுக்குக் கொடுத்த சலுகை இதற்குக் கிடையாது. இன்வாய்ஸை சேவை முடிந்த 30 நாளுக்குள் போட்டால் போதும். அதனால் சர்வீஸ்காரர்கள் பலரும் முதலில் புரோஃபார்மா அனுப்புவார்கள். பணம் வந்த பிறகே டாக்ஸ் இன்வாய்ஸ் போடுவார்கள். இன்வாய்ஸ் போட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்ட வேண்டுமே என்ற பயம். வேலை செய்வதற்கு முன் அப்படிச் செய்வதில் தப்பில்லை. வேலையை முடித்துவிட்டு, பணம் வரட்டும் என்று மூன்று மாதம் புரோஃபார்மாவிலேயே ஓட்டுவதுதான் தப்பு. 30 நாள் கடந்ததும் இன்வாய்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் வரி வந்து நிற்கும், வட்டியும் அதோடு ஏறும்.

டீலர் நீட்டியது “சர்வீஸ் புரோஃபார்மா, ஒரு வருடம்” என்ற தாள். அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, டாக்ஸ் இன்வாய்ஸ் எப்போது என்று கேட்டேன். “பணம் வந்த அன்னைக்கே போட்டுடறோமுங்க” என்றார். அதையும் அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதித் தரச் சொன்னேன்.